புதுப்பிப்பு: "வேலை உறுதி" பயிற்சியில் சேர்வது குறித்து

முன்பு கேட்டது: "வேலை உறுதி என்கிறார்கள், 80,000 ரூபாயைத் தவணையில் கட்டலாமாம், சேரலாமா?"

சேரவில்லை. வங்கியில் பணிபுரியும் அண்ணன் இங்கே சொன்னபடி ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தபோது, விளம்பரத்தின் 'வேலை உறுதி' உள்ளே 'நேர்காணல் வாய்ப்பு' என்று சுருங்கியிருந்தது. இரண்டு நேர்காணல்களைத் தவறவிட்டால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையும் இருந்தது. தவணை என்பது நிதி நிறுவனத்திடம் என் பெயரில் வாங்கும் கடன் என்பதால், வகுப்பை நிறுத்தினாலும் அது தானாக நிற்காது, கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் சரியும். எப்போதும் ரத்து செய்யலாம் என்று தோழி எழுதியது பாதிதான் சரி: ரிசர்வ் வங்கி விதிப்படி செயலிவழிக் கடனிலிருந்து அபராதமின்றி விலக அவகாசம் உண்டு, ஆனால் அது மிகக் குறுகியது. வேறொரு நிறுவனத்தில் கட்டிவிட்ட தம்பி, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளித்துக் காத்திருக்கிறார். நான் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவசத் தொழில்நெறி வழிகாட்டலுக்குச் செல்லவிருக்கிறேன்.