ஷூ உதிர்ந்ததற்கு வந்த கோபக் கடிதம் – உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கடைப்பையன்: நான் வேலை பார்த்த ஷூ கடைக்கு வந்த கடிதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மூன்று வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூ. மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போட்டுப் போனவருக்கு, அரங்கின் நடுவிலேயே அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்திருக்கிறது. 'நீங்கள் வியாபாரிகள் இல்லை, திருடர்கள்' என்று எழுதியிருந்தார். உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது, பதில் போட வேண்டாம் என்றுதான் நாங்கள் சொன்னோம்.

முதலாளி அன்றே போன் செய்தார். எடுத்த எடுப்பில், "மகள் பார்க்கும்படியா ஆயிற்று சார்?" என்று கேட்டார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் குரலே மாறிவிட்டது.

மறுநாள் ஷூவோடு வந்தார். முதலாளி கிடங்கிலிருந்து அதே சரக்கில் விற்காமல் கிடந்த ஜோடியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே சோலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதுவும் பொடியாக உதிர்ந்தது. "தப்பு உங்கள் மேல் இல்லை" என்று சொல்லி, பணமா, ரப்பர் சோலா என்று கேட்டார். அவர் சோல் மாற்றிக்கொண்டார். அந்தச் சரக்கு முழுவதையும் அலமாரியிலிருந்து இறக்கினோம். பில் புத்தகத்தில் நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் நாங்களே போன் செய்தோம். அவர் இன்றும் அங்கேதான் வாங்குகிறார், அலுவலக நண்பர்களையும் கூட்டி வருகிறார்.

நடைவாசி: இது பசைக் கோளாறு. நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தால் தீர்ந்திருக்கும், இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

சோல் தைப்பவர்: இல்லைங்க. பசை விட்டால் சோல் முழுசாகக் கழன்று வரும், அதை ஒட்டலாம். இங்கே உதிர்ந்திருக்கிறது, அதனால் பாலியூரித்தேன் சோலாகத்தான் இருக்கும். காற்றின் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே சிதைக்கும். போடாமல் மூடி வைத்தாலும் தப்பாது, ஈரமும் சூடும் இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். பொடிந்துபோனதில் பசை பிடிக்கவே பிடிக்காது. மேல்தோல் நன்றாக இருந்தால் முழு சோலையும் மாற்றுவதுதான் வழி. பழைய ஜோடியை வெளியே போட்டுப் போகும் முன் ஓரத்தை அழுத்தி, வளைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதைப் போட வேண்டாம். விற்காத சரக்கையும் கடைக்காரர்கள் அவ்வப்போது இப்படிப் பார்த்துவிட வேண்டும்.

மழைக்குருவி: நானும் ஒரு கடைக்கு பை ஜிப் பற்றி எழுதினேன். தள்ளுபடிச் சீட்டு அனுப்பினார்கள். ஜிப் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கமே பிறகு போகவில்லை.

நடைவாசி: சரி, பசை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்துக் கேட்பவருக்கெல்லாம் சோல் மாற்றிக் கொடுத்தால் சின்னக் கடை தாங்குமா?

கடைப்பையன்: எல்லோருக்கும் கொடுக்கவில்லை. போன் செய்தவர்களில் பலருடைய ஷூ நன்றாகவே இருந்தது, உதிர்ந்தவர்களுக்கு மட்டும்தான். அதற்கே முதலாளிக்குக் கை கடித்தது. சரக்கு கொடுத்தவரோ கடைசி வரை ஒரு பைசா தரவில்லை.