G ½ன்னா 12.7 மிமீ இல்லை: தமிழ் அட்டவணைக்கு ஒரு சொல் வேண்டும்

ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பம்ப்போடு வந்த பைப் மரை, ஃப்ளாஞ்ச் அளவு அட்டவணையைத் தமிழாக்கி, போன வாரம் ஸ்டோர் சுவரில் ஒட்டினேன். ரெண்டே நாளில் சிக்கல்.

G ½க்கு நேரே 12.7 மிமீ என்று போட்டிருந்தேன். ஃபிட்டர் அண்ணன் வெர்னியர் வைத்தால் 21 காட்டுகிறது. அரை இன்ச் என்பது பைப்பின் பெயர்தான், மரையின் வெளிவிட்டம் 20.955 என்று அப்புறம்தான் உறைத்தது. G 1½ வேறு, டைப் அடித்ததில் இடைவெளி போய் 11/2 ஆகிவிட்டது. "ஐந்தரை இன்ச்சா சார்?" என்று ஸ்டோர்காரர் சிரிக்கிறார்.

மில்லிமீட்டரை எடுத்துவிட்டு, வெர்னியரில் வரும் வெளிவிட்டத்துக்குத் தனிக் கட்டம் போட்டேன். பின்னத்தை 'ஒன்றரை' என்று எழுத்திலும் சேர்த்தேன். ஃப்ளாஞ்சில் DN 40, PN 16 அப்படியே இருக்கிறது. PN அழுத்த வகுப்பு. ஒருத்தர் அதை 16 மிமீ போல்ட் என்று படித்தார். DN 40க்கு போல்ட்டும் M16தான் என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. DN 150 வந்தால் M20 கேட்கும், அங்கே மாட்டுவோம்.

மிச்சம் ஒன்றுதான். முதல் கட்டத்துக்கு 'பெயரளவு' என்று தலைப்பு போட்டால், சும்மா பேருக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'அளவு' என்றால் உடனே அளக்கிறார்கள். உங்கள் பட்டறையில் இதற்கு என்ன சொல் போடுகிறீர்கள்?