புதுப்பிப்பு: சம்பளக் கணக்கில் ஓடி

"25ஆம் திகதி சம்பளம். 19ஆம் திகதியே காசு முடியுது. கணக்கோட வாற ஓடியை எடுக்கலாமா?"

இதுதான் நான் முதலில் கேட்டது. ஓடி என்றால் மேலதிகப் பற்று: கணக்கில் காசு முடிஞ்சாலும் வங்கி ஒரு எல்லை வரைக்கும் கடனாக எடுக்க விடும். பதில்களுக்குப் பிறகு தெளிவானதை எழுதுறன். எல்லை முழுவதுக்கும் வட்டி என்று ஒருத்தர் சொன்னார். வட்டி நாளுக்கு நாள், எடுத்த தொகைக்கு மட்டும்தான். ஆனால் சில வங்கிகள் எல்லைக்கென்று தனிக் கட்டணமும் எடுக்கும், அந்த அளவில் அவர் சொன்னது சரி. 20,000 ரூபாயை ஆண்டுக்கு 24 வீதத்தில் 6 நாள் வைத்திருந்தால் வட்டி 79 ரூபாய் அளவில்தான் வரும்.

கிண்ணியாவில் வங்கியில் வேலை செய்யும் அக்கா காட்டின இடம்தான் முக்கியம். 60,000 சம்பளம் விழுந்ததும் 20,000 ஓடியை அடைக்கப் போகும், செலவுக்கு 40,000தான் மிச்சம். அதனால் அடுத்த மாதம் காசு இன்னும் முந்தியே முடியும். ஏடிஎம் காட்டும் தொகையில் ஓடி எல்லையும் சேர்ந்திருக்கலாம் என்பதால் இது கண்ணில் படாது. மீதியில் கழித்தல் குறி இருக்கிறதா என்று வங்கிக் கூற்றில் பாருங்கோ. எடுக்கிற ஓடியை அடுத்த மாதம் 15,000, பிறகு 10,000 என்று குறைத்துக்கொண்டு வந்தால்தான் வெளியே வரலாம்.

எல்லையை முழுதாகத் தொடவும் வேண்டாம். மாதக் கடைசியில் வட்டி கழியும்போது எல்லை தாண்டினால் தண்ட வட்டி விழும்.

நகை அடகுதான் மலிவு என்று உவர்மலைத் தம்பி தன்ர கணக்கைப் போட்டிருந்தார். அவர் வைத்தது மூன்று மாதத்துக்கு. ஆறு நாளுக்கு எது மலிவு என்பது இன்னும் முடியாத வாதம்.