ஏழு கட்டைகளின் பை: விழும் கட்டை ஆட்டத்துக்கு இரண்டு சொற்கள் தேவை

கயல்விழி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டெட்ரிஸ் வகையைச் சேர்ந்த கட்டற்ற ஆட்டம் ஒன்றின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலையோடு மொழிபெயர்ப்பைப் பூட்டிவிடுவார்கள். மற்றவை முடிந்தன. இவை இரண்டும் நிற்கின்றன:

```
msgid "7-bag"
msgstr ""

msgid "Drought"
msgstr ""
```

அடுத்து எந்தக் கட்டை விழ வேண்டும் என்பதை ஆட்டம் எந்த முறையில் முடிவு செய்கிறது என்ற பட்டியலில் முதலாவது வருகிறது. அதே பட்டியலில் `14-bag`, `History` என்று வேறு தெரிவுகளும் உண்டு. இரண்டாவது, திரையோரத்தில் தெரியும் எண்ணுக்கான தலைப்பு. நான்கு சதுரமும் ஒரே வரிசையில் நிற்கும் நீளக் கட்டை கடைசியாக வந்த பிறகு வேறு எத்தனை கட்டைகள் விழுந்திருக்கின்றன என்பதை அந்த எண் காட்டும். இப்போதைக்குக் "குலுக்குப்பை", "வறட்சி" என்று இட்டிருக்கிறேன். இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

தென்னவன் எழுதியது:

அம்மா, "குலுக்குப்பை" வேண்டவே வேண்டாம். வேகமாகப் படிப்பவன் கண்ணில் "குப்பை" தான் விழும். இலக்கணமும் இடிக்கிறது. குலுக்குகின்ற பை என்று விரித்தால் வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுகாடு போலக் "குலுக்குபை" என்றுதான் வர வேண்டும். சீட்டைக் கலைப்பது போல என்று "கலைபை" ஆக்கினாலோ கலப்பையை நினைவூட்டும்.

நம்மிடம் இதற்கென்றே பழஞ்சொல் இருக்கிறது. அகநானூறு 77ஆம் பாட்டில் ஓலைகளை இட்டுக் கயிற்றால் கட்டிய பானைக்குக் குழிசி என்று பெயர். உள்ளே போட்டு, கலந்து, ஒவ்வொன்றாக எடுப்பது குழிசியில்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையும் அதே மரபு. "எழுகுழிசி" என்று வையுங்கள்.

"வறட்சி" வானத்துக்கு உரியது. "வற்கடம்" சிறந்தது. இறையனார் களவியல் உரையில் பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம் சென்றது என்று வருகிறதல்லவா?

முகில் எழுதியது:

ஒரே கட்டை அடுத்தடுத்து வராமல் தடுப்பதற்குத்தான் இந்தப் பை என்று நினைக்கிறேன். நின்டெண்டோவில் வந்த 1989ஆம் ஆண்டு டெட்ரிஸிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள். எனவே பை, பானை இரண்டையும் விட்டுவிட்டு "மீளாத் தேர்வு" என்று நேராகச் சொல்லலாமே.

ஆதிரை எழுதியது:

முகில், நின்டெண்டோ ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது ஓரளவு சரி. ஆனால் அது பை அன்று. அதில் முதலில் எட்டு எண்களில் ஒன்று எடுக்கப்படும். ஏழு எண்கள் ஏழு கட்டைகளுக்கு, எட்டாவது வெற்று. வெற்றோ, முந்தைய கட்டையோ வந்தால் மறுபடியும் ஒருமுறை எடுக்கப்படும். அந்த இரண்டாம் முறை ஏழில் எது வந்தாலும் அதுவே முடிவு. ஆகவே ஒரே கட்டை உடனே திரும்பி வருவது ஏறத்தாழ 28இல் ஒரு முறைக்குக் குறைகிறது, முற்றிலும் நிற்பதில்லை. நீளக் கட்டை எப்போது வரும் என்பதற்கோ அங்கே எந்த வரம்பும் கிடையாது. முந்தைய கட்டை ஒன்றைத்தான் அந்த நிரல் நினைவில் வைத்திருக்கிறது.

பை செய்வது வேறு. ஏழு கட்டைகளிலும் ஒவ்வொன்றை எடுத்து வரிசையைக் கலைத்து, ஏழும் தீரும் வரை அந்த வரிசையிலேயே விடும். தீர்ந்த பிறகு புதிதாக ஏழைக் கலைக்கும். 2001இல் வந்த டெட்ரிஸ் வேர்ல்ட்ஸ் முதலாகப் பெரும்பாலான அதிகாரபூர்வப் பதிப்புகள் இப்படித்தான். ஒரு பைக்குள் எந்தக் கட்டையும் இரண்டு முறை வராது. ஆனால் ஒரு பையின் கடைசிக் கட்டையும் அடுத்த பையின் முதல் கட்டையும் ஒன்றாகவே அமையலாம். அதனால் "மீளாத் தேர்வு" பொருந்தாது.

கயல்விழி கேட்ட இரண்டாம் சொல்லுக்கும் இந்த இரு பைகள் சேரும் இடம்தான் முக்கியம். நீளக் கட்டை ஒரு பையின் முதலாவதாக வந்துவிட்டது என்று வையுங்கள். அந்தப் பையில் மீதம் ஆறு. அடுத்த பையில் அது கடைசியாக நின்றால் அதற்கு முன் இன்னும் ஆறு. ஆக, இடையில் 12 கட்டைகள். இதற்கு மேல் போகவே முடியாது. முதல் பையில் நீளக் கட்டைக்கு ஏழு இடங்கள், இரண்டாம் பையில் ஏழு இடங்கள், மொத்தம் 49 சேர்க்கைகள்; அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் இந்த 12 வரும். இடையில் சரியாக ஆறு கட்டைகள் வருவது ஏழு சேர்க்கைகளில். ஒன்றுமே இல்லாமல் அடுத்தடுத்து நீளக் கட்டை வருவது ஒரு சேர்க்கையில்.

எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஏழில் ஒன்றை எடுத்தாலும் சராசரி இதேதான். இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே ஆறு. வால்தான் வேறு. இடைவெளி 12ஐத் தாண்டுவது அங்கே ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று தடவை நடக்கும். நூற்றுக்கு ஒரு தடவை 30 கட்டைகள் வரைகூட நீளக் கட்டை வராமல் இருக்கும். ஓரத்தில் ஒரு பத்தியைத் திறந்து வைத்து, நான்கு வரிகளை ஒன்றாக அழிக்கக் காத்திருப்பவரை வீழ்த்துவது அந்த வால்தான்.

தென்னவன் ஐயா, உத்திரமேரூர் விதியில் கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. அண்மையில் வந்ததை ஒதுக்கிவைப்பது பட்டியலின் `History` முறைக்குத்தான் நெருக்கம். 1998இல் வந்த டெட்ரிஸ்: தி கிராண்ட் மாஸ்டர் கடைசி நான்கு கட்டைகளை நினைவில் வைத்து, அவற்றில் ஒன்று வந்தால் மறுபடி எடுக்கும், நான்கு முயற்சிக்குப் பிறகு வந்தது வரட்டும் என்று விட்டுவிடும். அதிலும் பஞ்சத்துக்கு உச்சவரம்பு இல்லை. குடவோலையைப் பைக்குக் கொடுத்துவிட்டால் இதற்கு என்ன சொல்வோம்?

சாந்தி எழுதியது:

எங்கள் தெருவில் நான் குலுக்கல் சீட்டு நடத்துகிறேன். ஆதிரை எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஏழு பேர் என்றால் ஏழு மாதம். பெயர் வந்தவருக்குப் பணம். அவர் பெயர் திரும்ப டப்பாவுக்குள் போகாது. கடைசி மாதம் குலுக்கவே தேவையில்லை, மீதம் இருப்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழும் முடிந்தால் புதுச் சீட்டு. இதைச் "சுற்று" என்போம். "ஏழுசுற்று" என்று வைத்தால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"வறட்சி", "வற்கடம்" இரண்டும் வேண்டாம். ஆதிரையே தன்னை அறியாமல் "பஞ்சம்" என்று எழுதிவிட்டார், பாருங்கள். சில்லறைப் பஞ்சம், தண்ணீர்ப் பஞ்சம், நீளக் கட்டைப் பஞ்சம்.

இளவழகன் எழுதியது:

நான் பள்ளியில் கணினி எடுக்கிறேன். இதைக் கலைச்சொல்லாக மட்டும் பார்க்க முடியவில்லை. என் மாணவர்கள் இதே ஆட்டத்தைப் பைத்தானில் எழுதினார்கள், பை முறையில்தான். பஞ்சக் கணக்கு 12இல் நிற்கும் என்கிறார் ஆதிரை. எங்கள் ஆட்டத்தில் அது 12ஐத் தாண்டி ஓடுகிறது. கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது அல்லவா?

```
piece = queue.pop(0)
if len(queue) < 5:
    queue = new_bag()
```

ஆதிரை எழுதியது:

கணக்கு சரிதான், ஐயா. மூன்றாம் வரியில்தான் கோளாறு. அடுத்த ஐந்து கட்டைகளைத் திரையில் காட்டுவதற்காக வரிசை ஐந்துக்குக் கீழே குறையாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆனால் குறைந்தவுடன் மீதமிருக்கும் நான்கையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பையை வைக்கிறீர்கள். ஒவ்வொரு பையிலும் முதல் மூன்று கட்டைகள் மட்டுமே ஆட்டக்காரருக்குப் போகின்றன. நீளக் கட்டை அந்த மூன்றில் ஒன்றாக இருக்க ஏழில் மூன்று வாய்ப்புதான். எறிந்த நான்கில் அது இருந்தால் போயிற்று. அடுத்த பையிலும் அப்படியே நடக்கலாம். வரம்பு எங்கே நிற்கும்?

`queue += new_bag()` என்று மாற்றுங்கள். பழைய பையின் மீதத்துக்குப் பின்னால் புதுப் பை ஒட்டிக்கொள்ளும். இதை இன்னொரு விதமாகவும் கண்டுபிடிக்கலாம்: மூன்றாவது கட்டை விழத் தொடங்கும்போது, அடுத்து வரும் என்று காட்டிய கட்டைகள் மொத்தமாக மாறும்.

இளவழகன் எழுதியது:

ஆம், மாறத்தான் செய்கிறது. மாணவர்கள் அதைத் திரை மினுக்குகிறது என்று பதிந்து வைத்திருந்தார்கள். திருத்திய பின் பஞ்சம் 12க்கு மேல் ஏறவில்லை. என் ஓட்டு "பை"க்கு. நிரலில் `bag` என்று படிக்கும் பிள்ளைக்குத் திரையில் வேறொரு படிமம் எதற்கு?

தென்னவன் எழுதியது:

அப்படிப் பார்த்தால் எல்லாக் கலைச்சொல்லும் ஆங்கிலத்தின் நிழலாகவே முடியும். பை தமிழ்ச்சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாம்பின் படத்துக்கும் அதுவே பெயர், விரிவதும் சுருங்குவதும் அதன் இயல்பு. என் மறுப்பு சொல்லின் மீதன்று. நம்மிடம் செயலுக்கே ஒரு பாத்திரம் இருக்கும்போது, கடையில் தூக்கிக்கொண்டு போகும் பை எதற்கு என்பதுதான். பன்னிரண்டு என்ற உச்சவரம்பைக் கண்டபின் வற்கடத்தை விடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆதிரை எழுதியது:

பன்னிரண்டு எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் `14-bag` இருக்கிறதே. அதில் ஒவ்வொரு கட்டையும் இரண்டிரண்டு. இரண்டு நீளக் கட்டைகளும் ஒரு பையின் தொடக்கத்திலேயே வந்து, அடுத்த பையில் இரண்டும் கடைசியில் நின்றால் இடையில் 24 கட்டைகள். வற்கடம் அங்கே இரட்டிப்பாகிவிடும்.

அதே காரணத்தால்தான் "சுற்று" எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சுற்று என்றால் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை என்று கேட்கிறது. பை என்றால் உள்ளே எத்தனை இட்டாலும் பைதான்.

சாந்தி எழுதியது:

சீட்டில் இரண்டு பங்கு போடுபவர்கள் இருக்கிறார்கள். ஏழு பேரும் இரண்டு பங்கு போட்டால் பதினான்கு மாதம். அதுவும் ஒரே சுற்றுதான்.

முகில் எழுதியது:

சாந்தி அக்கா சொல்வது சரியாகப் படுகிறது. நான் "சுற்று" பக்கம் வருகிறேன்.

கயல்விழி எழுதியது:

இன்று வெள்ளி. "7-கட்டைப் பை", "14-கட்டைப் பை", "பஞ்சம்" என்று ஏற்றிவிட்டேன். பைக்கு ஆதிரை, இளவழகன், நான். சுற்றுக்கு சாந்தி, முகில். குழிசிக்குத் தென்னவன் ஐயா. பஞ்சத்துக்கு ஐயாவைத் தவிர யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லின் கீழே விளக்கவரி இடம் கொடுக்கிறது. "ஏழும் தீர்ந்த பின்பே மறு சுற்று" என்று எழுதியிருக்கிறேன்.

`History` என்பதை "வரலாறு" என்று விட்டிருந்தேன். ஆதிரை சொன்னதைப் படித்தபின் அது பிழை என்று தெரிகிறது. முந்தைய ஆட்டங்களின் பட்டியல் என்று எண்ணிவிடுவார்கள். அடுத்த வெளியீட்டுக்குள் மாற்ற வேண்டும்.

தென்னவன் எழுதியது:

அதற்குக் "குடவோலை" என்று பரிந்துரைக்கிறேன். மூன்றாண்டு விலக்கு விதியை ஆதிரையே எடுத்துக் காட்டினார். பைக்கு மறுத்த காரணம் இங்கே எனக்குச் சாதகம்.