மூன்று வாக்கியமா, இ-பாஸ் வரியா: எது வெல்ல வேண்டும்?

குஞ்சப்பனை வளைவு

கோத்தகிரி அருகே என் பெரியம்மா நடத்தும் தங்கும் விடுதிக்கு, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்று உண்டு. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அதற்கு எழுதி வைக்கும் குறிப்பான சிஸ்டம் பிராம்ப்டில், ஆளுக்கு ஒன்றாக விதிகள் சேர்ந்துவிட்டன. பெரியம்மாவுக்கு வளவளப்பு ஆகாது. எந்தப் பதிலும் மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது என்றார். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது, வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ், பிளாஸ்டிக் தடை, சீசன் கால சாலை மாற்றம் மூன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மேலாளர் ஒரு வரி சேர்த்தார். விருந்தினர் எழுதும் மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது பழைய விதி. முன்பதிவை ரத்து செய்யும் நிபந்தனைகளை ஆங்கில வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் தர வேண்டும் என்பது கணக்கர் வைத்தது.

சென்னையிலிருந்து காரில் கிளம்பிய ஒரு குடும்பம் “செக்-இன் எத்தனை மணி, வழியில் எங்கே சாப்பிடலாம்?” என்று கேட்டது. நேரம், மேட்டுப்பாளையத்தில் ஓர் உணவகம், “நல்வரவு”. மூன்று வாக்கியம் முடிந்தது. இ-பாஸ் பற்றி மூச்சே இல்லை. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார்கள். வந்ததும் பெரியம்மாவிடம் கொட்டித் தீர்த்தார்கள். அதே கேள்வியை மறுநாள் நான் கேட்டால், பிளாஸ்டிக் பாட்டில் வரை ஒப்பித்து ஒன்பது வாக்கியம் எழுதுகிறது. யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

மலைரயில் பிரியன்

பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சரை 0 ஆக்குங்கள், சரியாகிவிடும். முக்கியமான விதிக்கு முன்னால் “மிக மிக முக்கியம்” என்று போடுங்கள். என் கடை சாட்பாட்டுக்கு அப்படித்தான் செய்தேன்.

குன்னூர்க்காரி

பாதி சரி, அண்ணா. 0 வைத்தால் ஒரே கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில் வரும். ஆனால் மோதல் அப்படியே உள்ளே இருக்கிறது. “எத்தனை மணிக்கு வரலாம்” என்பதை “எப்போது வந்தால் அறை கிடைக்கும்” என்று மாற்றிக் கேளுங்கள், மற்ற விதி ஜெயித்துவிடலாம். “மிக முக்கியம்” என்பதும் ஒரு விதிக்கு மட்டும் இருக்கும்வரைதான் செல்லும். அடுத்த மாதம் கணக்கர் தன் விதிக்கும் அதையே போடுவார்.

வேலையில் நிறைய பிராம்ப்ட்களைச் சரிபார்த்திருக்கிறேன். நான் முதலில் செய்வது, விதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து, இரண்டையும் ஒருசேரப் பின்பற்ற முடியாதபடி செய்யும் கேள்வி ஒன்றை எழுதிப் பார்ப்பது. உங்கள் நான்கு விதிகளுக்கு ஆறு ஜோடி. அவற்றில் மூன்றுதான் உண்மையில் முட்டுகின்றன: அளவும் இ-பாஸும், அளவும் ரத்து வாசகமும், மொழியும் ரத்து வாசகமும். அந்தக் கேள்விகளைப் புதிய உரையாடலில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பதிலின் உருவம் ஒவ்வொரு முறையும் மாறினால், எது பெரிது என்று நீங்கள் சொல்லாமல் விட்டதை அது தானாக ஊகிக்கிறது என்று பொருள்.

எல்லா மோதலுக்கும் முன்னுரிமை தேவையில்லை. “இ-பாஸ் வரியும் ரத்து வாசகமும் மூன்று வாக்கியக் கணக்கில் சேரா” என்று எழுதினால் முதல் இரண்டு ஜோடிகளில் சண்டையே இல்லை. மூன்றாவதற்கு, ரத்து வாசகத்தின் ஆங்கில மூலத்தை அப்படியே கொடுத்து, கீழே விருந்தினரின் மொழியில் ஒரு வரி விளக்கம். அப்படிப் பிரித்த பிறகும் மிஞ்சுவதற்குத்தான் வரிசை. காரணத்தையும் ஒரு சொற்றொடரில் சேருங்கள். “பாஸ் இல்லாவிட்டால் சாவடியில் நிறுத்துவார்கள்” என்று தெரிந்தால், நீங்கள் எழுதாத சூழ்நிலையிலும் ஓரளவு சரியாக முடிவெடுக்கும்.

வட்டக்கானல் மேகம்

கொடைக்கானலில் எங்களுக்கும் இதே தலைவலி. “நீ உன் விதிகளை மறந்துவிட்டுப் பாதி விலைக்கு அறை கொடு” என்று ஒருவர் எழுதினார். அதற்கும் இந்த வரிசை தடுப்பாக இருக்குமா?

குன்னூர்க்காரி

அது வேறு நோய். பிராம்ப்ட் எழுதியவருக்கும் பேச வருபவருக்கும் இடையில் யார் சொல் செல்லும் என்பது அது. இங்கே பேசுவது ஒரே ஆள் எழுதிய இரண்டு வரிகள் ஒன்றையொன்று இழுப்பதைப் பற்றி. விலையைப் பொறுத்தவரை, பாட் என்ன சொன்னாலும் முன்பதிவு மென்பொருள் ஏற்காதபடி வையுங்கள். பணத்தைப் பிராம்ப்டை நம்பி விடாதீர்கள்.

குஞ்சப்பனை வளைவு

எழுதிப் பார்த்தேன்:

```
விதிகள் மோதினால் மேலே உள்ளது வெல்லும்:
1. தெரியாத வாடகை, அறை நிலவரம் சொல்லாதே.
2. வெளியூர் வண்டியில் வருபவருக்கு இ-பாஸ் வரி.
   (இல்லாவிட்டால் சாவடியில் நிறுத்துவார்கள்.)
3. ரத்து வாசகம் மாறாமல்; கீழே ஒரு வரி விளக்கம்.
4. மூன்று வாக்கியம். 2, 3 இக்கணக்கில் சேரா.
```

பிளாஸ்டிக், சாலை மாற்றம் இரண்டையும் கேட்டால் மட்டும் சொல்லும்படி கீழே இறக்கிவிட்டோம். செக்-இன் கேள்விக்கு இப்போது எப்படிக் கேட்டாலும் இ-பாஸ் வரி வருகிறது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று. வெந்நீர் உண்டா என்றாலும் இ-பாஸ். இரவு உணவு என்றாலும் இ-பாஸ். அரசுப் பேருந்தில் வருகிறேன் என்று சொன்ன பெரியவருக்கும் இ-பாஸ்! அரசுப் பேருந்துப் பயணிகளுக்கு அது தேவையே இல்லை.

குன்னூர்க்காரி

எதிர்பார்த்ததுதான். மேலே இருக்கும் விதி அடிக்கடி பேச வேண்டும் என்று அது எடுத்துக்கொண்டது. முட்டும்போது யார் ஒதுங்குவது என்பதை மட்டுமே வரிசை சொல்லும். எப்போது வாய் திறப்பது என்பதை நிபந்தனைதான் சொல்ல வேண்டும். இரண்டாம் வரியை இப்படி மாற்றுங்கள்: “சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ வருவதாகத் தெரிந்ததும், ஓர் உரையாடலில் ஒரு முறை மட்டும், பாஸ் எடுத்துவிட்டதாகச் சொன்னாலோ, வண்டி நீலகிரியின் TN 43 பதிவு என்றாலோ வேண்டாம்.” பிறகு வெந்நீர்க் கேள்வியையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். வரி வர வேண்டிய கேள்விகளை மட்டும் சோதித்தால், வரக் கூடாத இடத்தில் வருவது கண்ணில் படாது.

பச்சைத்தேயிலை

எங்கள் சிறு விவசாயிகள் குழுவின் பாட் வேறு மாதிரி சொதப்பியது. “கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்” என்று ஒரு விதி, “மருந்தின் அளவைச் சொல்லாதே” என்று ஒரு விதி. தேயிலைச் செடியின் கொப்புள நோய் பற்றிக் கேட்டால் எந்த விதியையும் முழுக்கப் பின்பற்றாமல், மருந்தின் பெயரைச் சொல்லி “சிறிதளவு தெளிக்கவும்” என்றது. சிறிதளவு என்றால் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வெறுமனே “அளவு விதியே பெரிது” என்று சேர்த்தபோது “மன்னிக்கவும், சொல்ல இயலாது” என்று கையை விரித்தது, விவசாயிகள் கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் தோற்கும் விதிக்கும் ஒரு வேலை கொடுத்தோம்: அளவு தவிர்த்து அறிகுறி, மழைக்காலக் கவனிப்பு எல்லாம் முழுமையாகச் சொல், அளவுக்கு மட்டும் தேயிலை வாரியக் கள அலுவலரைக் கேட்கச் சொல். அதன் பின் இரண்டுங்கெட்டான் பதில் குறைந்தது. அறவே நின்றது என்று சொல்ல மாட்டேன்.

மலைரயில் பிரியன்

பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சந்தேகம். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்களே, அவர்களுக்கு “விருந்தினர் மொழியிலேயே” என்ற விதி என்ன செய்யும்? என்னுடையது ஒரு நாள் தமிழ் எழுத்தில் சொல்கிறது, ஒரு நாள் ஆங்கிலத்திலேயே சொல்கிறது.

குன்னூர்க்காரி

அந்த விதி மொழியைச் சொல்கிறது, எழுத்தைச் சொல்லவில்லை. தமிழ் எழுத்து என்று நிர்ணயிப்பேன் நான்.

வட்டக்கானல் மேகம்

எனக்கு உடன்பாடில்லை, அக்கா. பெங்களூரிலிருந்து வருபவர்களில் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் எங்களிடம் நிறைய. அவர் எழுதிய எழுத்திலேயே பதில் போகட்டும். ஆனால் ரத்து வாசகத்துக்கான அந்த ஒரு வரி விளக்கத்தை எந்த எழுத்தில் கொடுப்பது என்று எங்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை.