பொருள்: கேரி ஃபிளாக்குக்கு தமிழ்ல என்ன போடலாம்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
8085 கிட்டுக்கு தமிழ்ல லேப் குறிப்பு எழுதிட்டு இருக்கேன்ங்க. 'மிகுதிக்கொடி'ன்னு போட்டா பசங்க வகுத்தல்ல வர்ற மீதின்னு எடுத்துக்கிறாங்க. உதாரணத்துக்கு 300-ம் 500-ம் கூட்டுறோம், ஹெக்ஸ்ல 012C, 01F4. சிப்பு ஒரு தடவைக்கு எட்டு பிட்டுதான் கூட்டும், அதனால முதல்ல 2C-யும் F4-ம், வர்றது 120, அதுல 20 மட்டும் A-ல நிக்கும், மேல இருக்கிற ஒண்ணு கொடிக்குப் போயிடும். அடுத்து 01, 01, கூட அந்த ஒண்ணு. மொத்தம் 0320, நம்ம கணக்குல 800. DE-ல ஒரு எண், HL-ல இன்னொண்ணு:

```
MOV A,E
ADD L
MOV L,A
MOV A,D
ADC H
MOV H,A
```

வேலந்தாவளம்:
'கைமாத்துக்கொடி' வைங்க டீச்சர், எல்லாருக்கும் புரியும். அப்புறம் ரெண்டு எடத்துலயும் ADC போட்டா போதுமே, ADD எதுக்கு தனியா?

மீனாட்சிபுரம்:
ரெண்டும் ADC-ன்னா, தம்பி, முன்னாடி எதுலயோ கொடி 1-ஆ நின்னுட்டு இருந்தா 801 வரும். 6502-ல ADD-யே கிடையாது, அதனால அங்க ADC-க்கு முன்னால CLC போட்டு கொடிய அழிச்சுக்குவாங்க, அந்த மாதிரி செஞ்சா நீ சொல்றது சரி. நெஜமான சிக்கல் நடுவுலதான். MOV கொடியைத் தொடாது, அதனாலதான் மேல இருக்கிறது ஓடுது. அந்த எடத்துல A-ய ஜீரோ பண்ண XRA A போட்டீங்கன்னா கொடியும் சேர்ந்து அழிஞ்சுடும், 800-க்கு பதிலா 544 வரும். சரியா 256 குறைஞ்சா இதுதான்னு தெரிஞ்சுக்கலாம். 100-ம் 100-ம் கூட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது, 200 சரியாவே வரும்.

கைமாத்துன்னா திருப்பித் தரணுமேங்க? கூட்டல்ல அந்த ஒண்ணு மேல ஏறிப் போறதோட சரி. 'ஏறுகொடி'ன்னு வைக்கலாம்.

கோபாலபுரம் மில்:
குறுக்க வர்றேன், எங்க மூட்டை எண்ற போர்டு 8051, 255 தாண்டினா மறுபடி 0-ன்னு காட்டுது. இதுவும் இந்தக் கொடிதானா? INC போட்டு அதுக்கப்புறம் ADDC-ன்னுதான் எழுதியிருக்கு.

மீனாட்சிபுரம்:
அதேதான் அண்ணா. 8051-ல INC கொடியைத் தொடவே தொடாது, FF-ல இருந்து 00 ஆனது மேல் பைட்டுக்குத் தெரியவே தெரியாது. கீழ் பைட்டுக்கு `ADD A,#1`, மேல் பைட்டுக்கு `ADDC A,#0` மாத்திப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ஏறுகொடின்னா பசங்க அவரைப்பந்தலுக்குப் போயிடுவாங்க :) இருந்தாலும் மிகுதிக்கு இது தேவலை. ஆனா 8085-ல SBB-க்கும் இதே கொடிதான், அங்க 1 நின்னா கடன் வாங்கினதுன்னு அர்த்தம், ஏறுறதுக்கு என்ன இருக்கு?

வேலந்தாவளம்:
அதுக்குத்தான் கைமாத்துன்னு சொன்னேன்.

மீனாட்சிபுரம்:
6502-ல கழிக்கிறப்ப கடன் வாங்கினா கொடி 0 ஆகும், அப்ப அங்க என்ன பேரு வைப்ப?