பத்து மாதக் குழந்தை, இரவில் ஆறு விழிப்பு: டாக்டருக்கு எழுதிய கடிதம்

தூறல்:
குழந்தை டாக்டருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அப்படியே போடுகிறேன். முதலில் எழுதியதில் "ராத்திரி முழுக்கத் தூங்குவதே இல்லை" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதைக் கிழித்துவிட்டு, ஓர் இரவு முழுக்க நேரம் குறித்துக்கொண்டு எழுதியது இது.

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பையனுக்குப் பத்து மாதம். எடை 8.7 கிலோ, போன மாதம் 8.4. மூன்று வாரமாக இரவில் அடிக்கடி எழுகிறான். நேற்று 8:00 மணிக்குப் பால் குடித்தபடியே தூங்கினான், கட்டிலில் கிடத்தினேன். பிறகு 11:10, 12:05, 1:05, 2:00, 3:00, 3:55க்கு விழித்தான். பால் கொடுத்தால் நாலு நிமிடத்தில் தூங்கிவிடுகிறான். 2:00 மணிக்கு மட்டும் 11 நிமிடம் குடித்தான். அவன் அப்பா தூக்கினால் அழுகை கூடுகிறது. காய்ச்சல், சளி, குறட்டை எதுவும் இல்லை. பகலில் 9:30, 1:00, 5:30 என மூன்று தூக்கம். திட உணவு இரண்டு மூன்று வாய்தான் வாங்குகிறான். 1:05க்குப் போய்ப் பார்த்தபோது கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அழுதான், உட்காரத் தெரியவில்லை. பல்லா, பசியா, வேறு நோயா என்று பயமாக இருக்கிறது."

டாக்டர் பேனாவை எடுத்து அந்த ஆறு நேரங்களுக்கு நடுவே 55, 60, 55, 60, 55 என்று எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். "வலி இப்படிக் கணக்காக வராதும்மா. எட்டு மணிக்குக் கண் மூடுகிற நேரத்தில் அவன் வாயில் என்ன இருக்கிறது?" என்றார். பதில் கடிதத்திலேயே இருக்கிறது, எழுதியவளும் நான்தான். ஆனாலும் விஷயம் அதுதான் என்று எனக்குப் படவே இல்லை. காது, தொண்டை, வயிறு பார்த்துவிட்டுப் பழக்கத்தை மாற்றச் சொன்னார். எப்படி மாற்றுவது என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கார்முகில்:
பல்தான் சகோதரி. இந்த வயதில் எல்லாம் பல்தான். பசியும் சேர்ந்திருக்கும். படுக்கும் முன் பால் புட்டியில் கொஞ்சம் கஞ்சி மாவு கலந்து கொடுத்தால் வயிறு நிறைந்து விடியும்வரை தூங்குவான்.

சிறகு:
குழந்தைகள் வார்டில் செவிலியாக இருக்கிறேன். கார்முகில் அண்ணா, புட்டியில் மாவு கலப்பதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். புரையேறும் ஆபத்து உண்டு, தூக்கமும் அதனால் நீளாது. பல் வெளியே வரும்போது நாலைந்து நாள் சிணுங்குவது உண்மைதான். மூன்று வாரம் தொடர்ந்து இதே கணக்கில் எழுப்பாது.

தூறல், இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாக் குழந்தையும் அரைகுறையாக விழிக்கும். இரவின் முதல் பகுதி ஆழ்ந்த தூக்கம் என்பதால்தான் 8:00 முதல் 11:10 வரை உங்களுக்குத் தொந்தரவு இல்லை. அதன்பின் ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும், தூங்கப்போன நேரத்தில் வாயில் இருந்தது இப்போது இல்லை, கிடந்த இடமும் மடி இல்லை. அதைக் கேட்டுத்தான் அழுகிறான். அப்பாவிடம் அது கிடைக்காது, அதனால் அங்கே அழுகை கூடுகிறது.

மாற்றத்தை எட்டு மணியில் தொடங்குங்கள், நள்ளிரவில் அல்ல. பாலைத் தூங்குவதற்கு அரை மணி முன்னால், விளக்கு எரியும்போதே கொடுத்து முடியுங்கள். கண் திறந்திருக்கும்போதே மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் கை வைத்துப் பக்கத்தில் இருங்கள். முதல் இரவுகளில் அரை மணிக்கு மேல்கூட அழலாம், கையை எடுக்க வேண்டாம். நாலு நிமிடப் பால் பசிக்கானது அல்ல, அந்த விழிப்புகளில் பாலுக்குப் பதில் அதே கைதான். 11 நிமிடம் குடிப்பதை மட்டும் திடீரென்று நிறுத்தாமல், இரண்டு இரவுக்கு ஒருமுறை 2 நிமிடம் குறைத்து 9, 7, 5 என்று கொண்டுவந்து விட்டுவிடலாம். இரவுப் பால் குறையக் குறையப் பகலில் வாய் திறப்பான். 5:30 தூக்கத்தையும் எடுத்துவிட்டு, படுக்கையை அரை மணி முன்னால் வையுங்கள்.

அப்புறம் அந்தக் கம்பி. எழுந்து நிற்பதைப் பிள்ளைகள் முதலில் கற்கும், நின்ற நிலையிலிருந்து இறங்கி உட்காருவதைப் பிறகுதான். பகலில் நிற்கும்போது ஒரு பொம்மையைத் தரையில் வைத்து, முழங்காலை லேசாக மடக்கிவிட்டு, தானே இறங்கப் பழக்குங்கள். தினம் பத்துப் பதினைந்து முறை செய்தால் சில நாளில் வந்துவிடும். கட்டில் மெத்தையை மிகக் கீழான தட்டுக்கு இறக்கிவிட்டீர்களா? நிற்கிற குழந்தைக்கு அது உடனே வேண்டும்.

வெயிலோன்:
கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். காதைப் பார்த்தாரா டாக்டர்? எங்கள் பெண்ணுக்குக் காதுச் சீழ், நாங்கள் பல் என்று ஒரு வாரம் விட்டுவிட்டோம். படுக்க வைத்தாலே வீறிடுவாள், தூக்கினால்கூட அடங்க மாட்டாள்.

சிறகு:
பார்த்தார் என்று எழுதியிருக்கிறார். ஆனால் நீங்கள் சொன்ன வித்தியாசம் முக்கியம். காது வலி பெரும்பாலும் சளியைத் தொடர்ந்து வரும், விழிப்புக்கு நேரக் கணக்கு இருக்காது, பால் கொடுத்தாலும் அடங்காமல் அழும். காதை இழுப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, தூக்கம் வந்தாலும் இழுப்பார்கள்.

மரகதம்:
சிறகு சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். இரவுப் பாலை நிறுத்து என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. குறைமாதத்தில் பிறந்ததா, எடைக்கோடு கீழே இறங்குகிறதா என்று தெரியாமல் நிமிடக் கணக்கு எதற்கு? பால் கொடுத்தே தூங்கவைப்பதும் தவறில்லை. தாய்க்குத் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

சிறகு:
அக்கா, ஒரு மாதத்தில் 300 கிராம் ஏறியிருக்கிறது, இந்த வயதுக்கு அது போதும். எடை ஏறாமல் இருந்தால் நானும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன். குறைமாதமா என்று கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு. பால் கொடுத்துத் தூங்கவைப்பது நோய் இல்லைதான், ஆனால் எப்படி மாற்றுவது என்று கேட்க முடியவில்லை என்றுதானே அவர் எழுதியிருக்கிறார்.

தூறல்:
நிறைமாதம்தான். ஒன்பது இரவு ஆகிவிட்டது. முதல் நாள் 40 நிமிடம் அழுதான், என் கை மரத்துப்போனது. நாலாம் நாள் 15 நிமிடம். 11:10, 12:05 விழிப்புகள் நின்றுவிட்டன. 1:05க்கு எழுந்தாலும் தானே உட்கார்ந்து படுத்துக்கொள்கிறான். 2:00 மணிப் பால் 5 நிமிடத்தில் நிற்கிறது. மெத்தையை அன்றே இறக்கிவிட்டோம். ஆனால் 3:55 மட்டும் போகவில்லை. அப்போது அழுகை இல்லை, கண் மூடியபடியே காலை உதைத்து உதைத்துப் புரள்கிறான். இது முன்பும் இருந்தது, கடிதத்தில் எழுதவில்லை.

சிறகு:
அதை இப்போது எழுதுங்கள். எத்தனை நிமிடம், இரண்டு காலுமா, கண் மூடியிருக்கிறதா, தொட்டால் நிற்கிறதா என்று. முடிந்தால் கைபேசியில் ஒரு நிமிடம் படமும் எடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து போதாது, நாள் ஒன்றுக்கு 11 மில்லிகிராம் வேண்டும். இரண்டு வாய் சாப்பிடும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? இரும்பு குறைந்தால் தூக்கத்தில் இப்படி அமைதியில்லாமல் புரளலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனை இல்லாமல் சொட்டு மருந்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

மரகதம்:
பத்து மாதத்தில் கால் உதைப்பது பெரும்பாலும் நடக்கப் பழகும் பருவம்தான். ஊசி குத்தும் முன் இரண்டு வாரம் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

தூறல்:
வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். இந்த முறை கடிதத்தில் 3:55 மட்டும்தான் இருக்கிறது.